அப்பத்தாவின் நினைவுப் படம்: எந்த வழியில் செய்வது, எவ்வளவு மாற்றுவது

காலமான ஒருவரின் புகைப்படத்தை ஓவியச் சாயலில் செய்து வீட்டில் மாட்ட வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தவுடன், எந்த ஸ்டூடியோவிடம் கொடுக்கலாம், எந்த ஓவியரிடம் கேட்கலாம், எந்தச் செயலியில் செய்யலாம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. இருக்கும் படங்களில் எதை அடிப்படையாகக் கொள்வது, அதில் எந்தப் பகுதி எந்த அளவுக்கு மாறலாம் என்ற இரண்டையும் அதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும் என்பது என் கருத்து. இவை முடிவானால் செய்முறை பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும். இவை முடிவாகாமல் வேலையைக் கொடுத்தால், அழகான ஒரு முதியவளின் படம் வந்து சேரும். அவள் நம் வீட்டு முதியவளாக இருக்க மாட்டாள்.

இதை ஓர் உதாரணத்தோடு சொல்வது எளிது என்பதால், எங்கள் அப்பத்தாவின் முதலாண்டு நினைவுக்காக நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே காது வளர்த்துத் தண்டட்டி அணிந்தவர். அவருடைய முகத்தைத் தெளிவாகக் காட்டும் படங்கள் எங்களிடம் மூன்றே இருந்தன.

முதலாவது, தாத்தா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக 1996-இல் எடுத்த கருப்பு வெள்ளைப் பாஸ்போர்ட் அளவுப் படம். முகம் பெரிதாகவும் கூர்மையாகவும் இருக்கிறது. ஆனால் ஸ்டூடியோ விளக்கின் முன்னால் விறைத்து உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் பொட்டு இல்லை, ஒரு மூலையில் அலுவலக முத்திரையின் மை தோளின் மேல் ஏறியிருக்கிறது. இரண்டாவது, 1988-இல் சித்தப்பாவின் திருமணத்தில் எடுத்த வண்ணக் குழுப் படம். எட்டுப் பேர் நிற்கும் அந்தப் படத்தில் அவருடைய முகம் சிறியது. ஆனால் பொட்டும் மூக்குத்தியும் தண்டட்டியுமாக, வாயை மூடியபடி கண்ணால் சிரிக்கிறார். மூன்றாவது, கடைசி ஆண்டில் கைப்பேசியில் எடுத்தது. நோயால் முகம் ஒடுங்கிப் போன அந்தப் படத்தை அடிப்படையாகக் கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை; ஆனால் மச்சம் எங்கே இருந்தது, மேலிமை எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பன போன்றவற்றைச் சரிபார்க்க அது பெரிதும் உதவியது.

முதல் இரண்டு படங்களுக்கும் இடையில் தேர்ந்தெடுப்பது வெறும் தெளிவு பற்றிய கேள்வி அல்ல. அத்தை பொட்டு வைத்த முகத்தையே கேட்டார். பெரியப்பாவோ, பேரப்பிள்ளைகள் எல்லாரும் பொட்டில்லாத அம்மாவைத்தான் அறிவார்கள், அந்த முகத்தை ஏன் மறைக்க வேண்டும் என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட் படத்தில் பொட்டை வரைந்துவிடலாம் என்று ஒருவர் சொன்ன சமரசத்தை மட்டும் இருவருமே ஏற்கவில்லை. ஒரு காலத்து முகத்தில் இன்னொரு காலத்து அடையாளத்தைச் சேர்த்தால் அவர் வாழாத ஒரு நாளைத்தான் படமாக்குவோம். அவருடைய உருவத்தில் படத்தில் இல்லாததைச் சேர்ப்பதில்லை, இருப்பதை நீக்குவதில்லை என்ற விதியை அப்போதே வகுத்துக்கொண்டோம். முத்திரை மையும் கீறலும் காகிதத்தின் குறைகளே தவிர அவருடையவை அல்ல; ஆகவே அவற்றை நீக்குவது இந்த விதிக்குள் வராது.

பழுது நீக்கி அப்படியே பெரிதாக்குவது

மிகக் குறைவாக மாற்றும் வழி இது. ஸ்கேன் செய்து, கறைகளையும் கீறல்களையும் நீக்கி, ஒளி நிழலைச் சீராக்கி, காகிதத்தில் அச்சிடுவதோடு முடிந்துவிடும். முகபாவத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை; நிறம் பற்றிய சச்சரவும் கருப்பு வெள்ளைப் படத்தில் எழாது. நல்ல படம் ஒன்று பெரிய அளவில் கையில் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும், ஓவியச் சாயலைத் தேடிப் போவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்றே சொல்வேன்.

இந்த வழிக்கு எல்லை வகுப்பது அளவுதான். காகிதப் புகைப்படத்தை 600 டிபிஐக்கு மேல், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு மேல், ஸ்கேன் செய்தால் கோப்பு பெரிதாகுமே தவிர, புதிய விவரம் பெரும்பாலும் கிடைக்காது. பாஸ்போர்ட் படத்தில் அப்பத்தாவின் முகம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரம். 600 டிபிஐயில் அது 590 புள்ளிகள் ஆகிறது. 12க்கு 15 அங்குலச் சட்டத்தில் முகத்தை 4 அங்குல உயரத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 150 புள்ளி அளவில் வரும். கூடத்தில் நாலைந்து அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது போதும். திருமணப் படத்தில் முகம் 12 மில்லிமீட்டர்தான், 283 புள்ளிகள். அதையும் 4 அங்குலமாக்கினால் அங்குலத்துக்கு 70 புள்ளிதான் மிஞ்சும். முகம் மங்கிப் போவதோடு, காகிதத்தின் மேற்பரப்பும் சேர்ந்து பெரிதாகித் தெரியும். அந்தக் காலத்துத் திருமணப் படங்கள் பலவும் துணி நெய்தது போன்ற மேடுபள்ளம் உள்ள சில்க் காகிதத்தில் அச்சானவை. அத்தகைய படத்தை ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டையும் பொருத்தி ஒன்றின்மேல் ஒன்றாகப் பாதி அடர்த்தியில் வைத்தால், எதிரெதிர்த் திசையில் விழுந்த நுண்ணிய நிழல்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் போடுவதற்கு முன்னால் நெகட்டிவ் கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். திருமண ஆல்பத்தோடு நெகட்டிவ் சுருள்களையும் உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. நெகட்டிவ் இருந்தால் அச்சுப் படத்தைவிடப் பல மடங்கு விவரம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அது கிடைக்கவில்லை.

கையால் வரையும் பென்சில் படம்

புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே விகிதத்தில் பெரிய கட்டங்களாக வரைதாளுக்கு மாற்றி வரையும் முறையில் தேர்ந்த ஓவியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பென்சில் படத்தில் நிறம் என்ற கேள்வியே எழாது என்பதும், தாளின் வெண்மையும் கோடுகளின் மென்மையும் நினைவுப் படத்துக்கு இயல்பாகவே பொருந்துகின்றன என்பதும் இந்த வழியின் பெரிய நன்மைகள். சாயம் கலக்காத கருப்பு என்பதால் நல்ல தாளில் வரைந்தால் நீண்ட காலம் மங்காமலும் இருக்கும்.

ஆனால் பென்சில் படத்தில் முகபாவம் மாறுகிற விதத்தைக் கவனிக்க வேண்டும். புகைப்படத்தில் மெல்லிய நிழலாக மட்டுமே இருக்கும் ஒரு சுருக்கம், வரையும்போது கோடாகிவிடுகிறது. மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பு சற்று அழுத்தமாக விழுந்தால் முகம் துயரமாகிறது. புருவங்களுக்கிடையில் உள்ள மடிப்பு அழுத்தமானால் கோபமாகிறது. மாறாக, வாடிக்கையாளர் மனம் குளிர வேண்டும் என்று ஓவியர் சுருக்கங்களைக் குறைத்தால் பத்து வயது குறைந்த வேறொருவர் வந்துவிடுகிறார். ஆகவே வரைந்து முடித்த பிறகு பார்ப்பதைவிட, வெளிக்கோடும் கண் வாய் அமைப்பும் முடிந்த நிலையில், நிழல் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முறை போய்ப் பார்த்துவர இசைவு கேட்டுக்கொள்வது நல்லது. கண்ணின் அகலமோ வாயோரத்தின் இடமோ தவறியிருந்தால் அந்த நிலையில் திருத்துவது எளிது. நிழல் ஏறிய பிறகு அழித்தால் தாள் நைந்துவிடும்.

பெரிய, கூர்மையான படம் இருந்து, நிறத்தில் குடும்பத்துக்குள் ஒத்த கருத்து இல்லாதபோது இதுவே மிகச் சிறந்த வழி என்று நினைக்கிறேன். சிறிய முகத்தை மட்டும் வைத்து வரையச் சொல்வது ஓவியருக்கு அநீதி. தெரியாத இடத்தில் அவர் தாம் அறிந்த பொதுவான கண்ணையும் மூக்கையும்தான் வரைய முடியும்.

ஸ்டூடியோவில் கணினியில் செய்யும் ஓவியப் படம்

படத்திறப்புக்கு அவசரமாகச் செய்து தரும் ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் போட்டோஷாப்பில் புகைப்படத்தின் மேலேயே தூரிகையை இழுத்து ஓவியமாக்குகின்றன. திறமையான கையில் இது நல்ல முறைதான். கூந்தலிலும் புடவை மடிப்பிலும் தூரிகைத் தடம் அழகாக வரும். இரண்டு வழக்கங்களைத்தான் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஒன்று, முகத்தை மட்டும் வெட்டி, ஆயத்தமாக வைத்திருக்கும் பட்டுப் புடவை உடலிலோ கோட் போட்ட உடலிலோ பொருத்துவது. கழுத்தின் தடிமனும் தோளின் சாய்வும் ஒருவரை அடையாளம் காட்டுவதில் முகத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பவை. அவை மாறினால் முகமும் அந்நியமாகத் தெரியும். மற்றொன்று, தோலை வழவழப்பாக்கி வெளுப்பாக்குவது. கேட்காமலேயே செய்துவிடுகிறார்கள். கருத்த நிறம் ஒரு குறை, அதைச் சரிசெய்து தருவது மரியாதை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இறந்தவரைப் பற்றி அப்படியொரு தீர்ப்பைப் படத்தில் எழுதி மாட்ட நான் ஒப்பமாட்டேன்.

செயலி தானாக வரையும் ஓவியம்

ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, எண்ணெய் ஓவியம் போலவோ நீர்வண்ணம் போலவோ மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் விலையிலும் வேகத்திலும் மற்ற எல்லாவற்றையும் விஞ்சிவிடுகின்றன. ஆனால் இவை புகைப்படத்தின் மேல் வண்ணம் பூசுவதில்லை. அதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு புதிய படம் ஒன்றையே உருவாக்குகின்றன. எவ்வளவு புதிதாக உருவாக்கலாம் என்பதைச் சில செயலிகளில் நாமே குறிக்க முடியும். Denoising strength என்று திரையில் காணப்படும் அளவுகோல் 0 முதல் 1 வரை செல்லும். 0 என்றால் மூலப்படம் அப்படியே இருக்கும், 1 என்றால் மூலப்படத்தின் தொடர்பு ஏறக்குறைய அறுந்துவிடும்.

எங்கள் திருமணப் படத்தில் 0.25 அளவில் தூரிகைத் தன்மை மட்டுமே வந்தது. 0.4-ஐ நெருங்கியபோது தண்டட்டி ஜிமிக்கியாக மாறியது, தோளை நோக்கித் தொங்கிய காது மடல் சுருங்கிச் சாதாரணக் காதாகிவிட்டது. 0.5-ஐத் தாண்டியதும் அது வேறொரு பாட்டி. வளர்த்த காதுள்ள முகங்களை இத்தகைய செயலிகள் அரிதாகவே கண்டிருக்கும் என்பதால், தாம் அதிகம் கண்ட காதை நோக்கியே அவை படத்தை இழுக்கின்றன. தேய்ந்த பல், ஒரு பக்கம் தாழ்ந்த இமை, வெற்றிலைக் கறை, கண்புரையால் சாம்பல் பூத்த கண்மணி என்று ஒருவரை அவராக்குகிற எல்லாவற்றுக்கும் இதே கதிதான் நேர்கிறது. அளவுகோலே காட்டாமல் ஒரே பொத்தானில் மாற்றித் தரும் செயலிகளை நினைவுப் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு மாறுகிறது என்பதை அங்கே நாம் முடிவு செய்ய முடியாது.

முகபாவம் எங்கே இருக்கிறது

ஒரு முகத்தின் பாவம் மிகச் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது. மேலிமையின் விளிம்பு கருவிழியை எவ்வளவு மூடுகிறது, கீழிமையின் கீழே எவ்வளவு சதை திரள்கிறது, வாயோரம் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்ற மூன்றிலும் ஒரு கோட்டின் தடிமன் அளவுக்கு மாற்றம் நேர்ந்தாலே மனநிலை மாறிவிடும். அப்பத்தாவின் மேலிமை கருவிழியின் மேற்பகுதியை நன்றாகவே மூடியிருக்கும். செயலி அதைத் தூக்கிக் கருவிழி முழுவதையும் காட்டியபோது அவர் எதையோ கண்டு திடுக்கிட்டது போலத் தோன்றினார். கண்ணில் விழும் ஒளிப்புள்ளியும் இப்படித்தான். 1988-இன் படத்தில் கேமராவின் ஃப்ளாஷ் ஒளி கண்மணிக்கு நடுவே சிறு புள்ளியாக இருந்தது. அதைப் பெரிய வெள்ளைச் சதுரமாக்கினால் கண் பளபளக்கும், பார்வையோ வேறெங்கோ போய்விடும்.

விறைத்த பாஸ்போர்ட் படத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரிக்க வைத்துக் கொடுங்கள் என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஆசையின் பின்னால் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அது நடக்காது. உள்ளத்திலிருந்து எழும் சிரிப்பில் வாயை மேலிழுக்கும் தசையோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்குகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே விளக்கினார். கன்னம் உயர்கிறது, கண்ணின் ஓரம் மடிகிறது, கீழிமை தடிக்கிறது. வாயோரத்தை மட்டும் இழுத்தால் கண்கள் அதில் சேராமல், கட்டாயத்துக்குச் சிரித்தவர் போலவே தெரிவார். அனைத்தையும் மாற்றினால் அது அவருடைய சிரிப்பாக இருக்காது, சிரிப்பு என்பதன் பொதுவான வடிவமாக இருக்கும். ஆகவே பாவத்தை உருவாக்க முயலாமல், அந்தப் பாவம் உள்ள படத்தைத் தேடிப் பிடிப்பதே வழி. அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி.

ஓவியச் சாயல் உண்மையில் பயன்படும் இடமும் இதுதான். பாவம் சரியாக இருந்து விவரம் குறைவாக உள்ள படத்தைப் புகைப்படமாகவே பெரிதாக்கினால் குறை தெரியும். ஓவியமாக்கினால் தூரிகைத் தடம் அந்தக் குறையை இயல்பாக ஏற்றுக்கொள்ளும். பெரிய, கூர்மையான படத்துக்கு ஓவியச் சாயல் ஓர் அலங்காரம்தான். சிறிய படத்துக்கு அது தேவை.

நிறம்

கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து உண்மை நிறத்தைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாகப் பதிந்திருக்கக்கூடும். தோலின் சாம்பலோ அன்றைய விளக்கையும் அச்சிட்டவரின் கையையும் பொறுத்தது. தானாக வண்ணமேற்றும் செயலி செய்வது ஊகம் மட்டுமே. அந்த ஊகம் பெரும்பாலும் வெளிறிய தோலை நோக்கியே போகிறது.

பழைய வண்ணப் படத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தக் காலத்து வண்ண அச்சுகள் பலவற்றில், ஆல்பத்தின் இருளில் இருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். எஞ்சுவது செம்மை படர்ந்த ஒரு படம். எங்கள் படத்தில் எல்லார் முகமும் செம்மண் பூசியது போல இருந்தது. திருத்துவதற்கு, படத்தில் வெள்ளை என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த பொருளைப் பிடிக்க வேண்டும். பெரியப்பாவின் வேட்டி வெள்ளையாகும்வரை செம்மையைக் குறைத்தபோது மல்லிகைப் பூவும் வெண்மையானது, தோல் நிறமும் நம்பும்படி இறங்கியது. வேட்டி சரியாகியும் பூ இளஞ்சிவப்பாகவே இருந்திருந்தால், மங்கல் சீராக இல்லை என்று பொருள். அப்போது பகுதி பகுதியாகத் திருத்த வேண்டியிருக்கும்.

அதன் பிறகும் ஒரு சாட்சி தேவைப்பட்டது. அம்மாவின் நிறம் அப்படியே சின்ன அத்தைக்கு என்று வீட்டில் எல்லாரும் ஒருமித்துச் சொன்னதால், அவருடைய முன்னங்கையைக் காலை வேளையில் திண்ணை நிழலில், ஒரு வெள்ளைத் தாளை அருகில் வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டோம். புடவை விஷயத்தில் எங்களுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது: அந்தச் சுங்குடிப் புடவை இன்னும் பீரோவில் இருந்தது. மடிப்பின் உள்ளே வெயில் படாத பகுதியிலிருந்து நிறத்தை எடுத்துக்கொண்டோம். இப்படி எந்தச் சாட்சியும் கிடைக்காதபோது, நிறத்தை ஊகிப்பதைவிட முழுப்படத்தையும் ஒரே பழுப்பு நிறச் சாயலில் வைப்பதே நேர்மை.

செய்முறையில் முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். போட்டோஷாப்பில் நிறத்தைப் படத்தின் மேல் தனி அடுக்கில் வைத்து, அந்த அடுக்கின் கலப்பு முறையை Color என்று அமைத்தால், கீழே உள்ள படத்தின் ஒளி நிழல் மாறாமல் நிறம் மட்டும் ஏறும். முகபாவம் ஒளி நிழலில்தான் இருக்கிறது என்பதால், நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் பாவம் கெடாது. நிறத்தைப் பற்றிக் குடும்பத்தார் ஆளுக்கொன்று சொல்லும்போது இந்தப் பிரிப்பு பெரும் நிம்மதி தருகிறது.

நாங்கள் எடுத்த முடிவு

ராஜஸ்தானின் நாத்துவாராவில், ஸ்ரீநாத்ஜியை வழிபடும் பக்தர் குடும்பங்களுக்காகச் செய்யப்பட்ட ஓவியங்கள் சிலவற்றில், முகத்தை மட்டும் புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டிவிட்டு, உடையையும் கோயிலையும் கையால் வரைந்திருப்பார்கள். இந்தியாவில் பழைய காலத்தில் கையால் வண்ணமிட்ட புகைப்படங்களிலும், உடையிலும் திரையிலும் வண்ணம் கனமாக இருக்க, முகத்தில் மட்டும் புகைப்படம் தெரியும்படி மெல்லிய பூச்சு இருப்பதைக் காணலாம். எதை மாற்றலாம், எதை விட வேண்டும் என்று அந்தக் கைகள் நன்றாகவே அறிந்திருந்தன. நாங்களும் அதையே பின்பற்றினோம்.

திருமணப் படத்தில் அப்பத்தாவின் மார்பளவு வரை எடுத்துக்கொண்டோம். பின்னால் இருந்தவர்களின் தோள்களும் பந்தல் துணியும் நீங்கி, மங்கலான ஒற்றை நிறப் பின்னணி வந்தது. அங்கே தூரிகைக்கு முழுச் சுதந்திரம். புடவையிலும் கூந்தலிலும் ஓவியத்தன்மை தெளிவாகத் தெரியலாம், ஆனால் மடிப்புகளும் வகிடும் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கன்னம், நெற்றி, கழுத்து ஆகியவற்றில் மூலப்படத்தின் மேல் வைத்த ஓவிய அடுக்கின் அடர்த்தியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தோம். கண்கள், மூக்கு, வாய், காதுகள், தண்டட்டி ஆகியவற்றின் மேலிருந்த ஓவிய அடுக்கை மாஸ்க் எனப்படும் மறைப்பு கொண்டு நீக்கி, மூலப்படமே தெரியும்படி விட்டோம். எல்லைகள் வெட்டினாற்போல் தெரியாமலிருக்க மறைப்பின் விளிம்பை மென்மையாக்க வேண்டும். மூலப்படத்தின் முகம் சுற்றியுள்ள ஓவியத்தைவிட மங்கலாகத் தெரிந்தால், முகத்தைக் கூர்மையாக்குவதைவிட மற்ற பகுதிகளின் கூர்மையைக் குறைப்பதே பாதுகாப்பானது.

அளவையும் முகத்துக்கேற்பவே தீர்மானித்தோம். 283 புள்ளி முகத்தை 2.5 அங்குலத்துக்குமேல் கொண்டுபோகவில்லை. ஆகவே 8க்கு 10 அங்குலப் படம். தாத்தாவின் படம் 12க்கு 15, ஆகையால் இதுவும் அந்த அளவில் இருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அகலமான வெள்ளை அட்டை ஓரம் வைத்து, சட்டத்தின் வெளியளவை மட்டும் சமமாக்கினோம். பாஸ்போர்ட் படத்தைப் பழுது மட்டும் நீக்கி, கருப்பு வெள்ளையாகவே அச்சிட்டுப் பெரியப்பாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்தோம்.

மாறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

நாள் முழுவதும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மாற்றம் தெரியாது. நம்பகமான சோதனை, ஓவிய அடுக்கை ஒரு நொடி மறைத்து, ஒரு நொடி காட்டிப் பார்ப்பது. முகத்தின் தன்மை மட்டும் மாறி உறுப்புகள் அசையாமல் இருந்தால் நல்லது; வாயோரமோ இமையோ துள்ளினால் அந்த இடத்தில் வடிவம் நகர்ந்திருக்கிறது. படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்கேன், வடிவமைப்பு, அச்சு என்று கை மாறும்போது இது நேர்வதுண்டு. மூக்குத்தி இருந்த பக்கமும் மாராப்பு விழும் தோளும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, அவரோடு வாழ்ந்தவர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். எல்லாரும் கூடியிருக்கும்போது முதலில் பேசுபவரின் கருத்தே எல்லாருடைய கருத்துமாகிவிடும். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த இடம் அவர் மாதிரி இல்லை என்று கேட்க வேண்டும். எங்களிடம் சின்ன அத்தை, கழுத்துச் சதை குறைந்திருக்கிறது என்றார். தாடையின் கீழே ஓவிய அடுக்கு நிழலை மழுப்பியிருந்தது. அங்கே அடர்த்தியைக் குறைத்ததும் சரியானது.

அச்சும் சட்டமும்

பளபளப்பில்லாத காகிதத்தில், நிறமி மையால் அச்சிடச் சொல்லுங்கள். சாய மையைவிட அது மெதுவாகவே மங்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை ஓரத்தின் இடைவெளி இருந்தால், மாலையின் ஈரம் இறங்கினாலும் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாது. சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் கண்ணாடியின் மேல் வைத்துக்கொள்ளட்டும். துடைக்கும்போது ஈரத்துணியைச் சட்டத்தின் விளிம்பில் அழுத்தாமல் இருந்தால் போதும்.

திருத்தம் எதுவும் செய்யாத ஸ்கேனைத் தனிக் கோப்பாக வைத்து, உடன்பிறந்தோர் அனைவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். சட்டத்தின் பின்புறம் ஒரு தாளில் மாற்றங்களையும் எழுதி ஒட்டுவது நல்லது. எங்கள் படத்தின் பின்னால் இப்படி எழுதியிருக்கிறோம்: முகமும் காதும் 1988 திருமணப் படத்தில் உள்ளபடி, பின்னணி வரையப்பட்டது, புடவையின் நிறம் புடவையிலிருந்தே எடுக்கப்பட்டது, தோலின் நிறம் மகளின் கையோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது.